மின்தாள் திரையில் நிழல் தங்காமலிருக்க

இ-பேப்பர் திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் ஒரு மின்முனை உண்டு. அதன்மேல் தலைமுடியின் பருமன் அளவே உள்ள நுண்குமிழ்கள் பரவியிருக்கும். தெளிவான எண்ணெய் போன்ற திரவம் நிறைந்த அந்தக் குமிழுக்குள் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் எதிரெதிர் மின்னேற்றத்துடன் மிதக்கின்றன. மின்முனையில் ஒரு திசையில் மின்னழுத்தம் கொடுத்தால் கறுப்பு மேலே வரும், திசையை மாற்றினால் வெள்ளை வரும். மின்சாரத்தை நிறுத்தினாலும் துகள்கள் வந்த இடத்திலேயே நிற்பதால், படத்தை மாற்றும் நேரம் தவிர மற்ற நேரங்களில் திரைக்கு மின்சாரமே தேவையில்லை. 1997-இல் தொடங்கப்பட்ட இ இங்க் நிறுவனம் இந்த முறையை வணிகப் பொருளாக்கியது. கிண்டில் போன்ற படிப்பான்களிலும் கடைகளின் விலைச்சீட்டுத் திரைகளிலும் இருப்பது இதுதான்.

ஆனால் துகள் நகர்வதற்கு நேரம் பிடிக்கும். எவ்வளவு தூரம் நகரும் என்பதும் மின்னழுத்தம் எத்தனை நேரம் நீடித்தது, திரவம் எவ்வளவு சூடாக இருக்கிறது, அந்தத் துகள் இதற்கு முன் எங்கே இருந்தது என்பவற்றைப் பொறுத்தது. நிழலுருவுக்கு வழிவிடுவது இந்தக் கடைசிக் காரணம்தான். திரைப்புள்ளிக்குத் தன் பழைய நிலை பற்றிய ஒருவகை நினைவு இருக்கிறது.

மைக்ரோகண்ட்ரோலருடன் சோதித்துப் பார்க்கப் பலரும் வாங்குவது 2.9 அங்குலக் கறுப்பு-வெள்ளைத் திரை. அதில் 296 × 128 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால் ஒரு முழுப் படத்துக்கு 4,736 பைட் வேண்டும். ஆர்டுயினோ யூனோவின் வேலை நினைவகம் 2,048 பைட்தான் என்பதால், அதில் படத்தைத் துண்டு துண்டாக வரைந்து அனுப்ப வேண்டியிருக்கும். இஎஸ்பி32-இல் அந்தக் கவலை கிடையாது. இஎஸ்பி32 3.3 வோல்ட்டில் இயங்குவதால் மின்னழுத்தப் பொருத்தமும் எளிது. துகள்களைத் தள்ளத் தேவையான 15 வோல்ட் அளவிலான மின்னழுத்தத்தைத் திரையின் சுற்றே உள்ளுக்குள் உருவாக்கிக்கொள்கிறது.

திரை மாட்யூலிலிருந்து எட்டு கம்பிகள் வருகின்றன. VCC, GND இரண்டும் மின்சாரத்துக்கு. DIN, CLK, CS மூன்றும் எஸ்பிஐ இணைப்பு. வருவது கட்டளையா தரவா என்று DC சொல்கிறது. RST திரையின் கட்டுப்பாட்டுச் சில்லைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருகிறது. புதியவர்கள் பெரும்பாலும் அலட்சியமாக விட்டுவிடும் கம்பி BUSY. துகள்கள் நகர்ந்து முடியும்வரை இந்தக் கம்பி ‘பொறு’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் அடுத்த கட்டளையை அனுப்பினால் பாதி நகர்ந்த படம்தான் மிஞ்சும். GxEPD2 என்ற இலவச நூலகத்தைப் பயன்படுத்தும்போது இந்தக் கம்பி கழன்றிருந்தால், கணினியின் சீரியல் சாளரத்தில் Busy Timeout! என்ற வரி வரும். திரை மங்கலாக இருக்கிறது என்று புகார் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் அது.

திரையை மாற்றுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முழுப் புதுப்பிப்பில் திரையின் எல்லாப் புள்ளிகளும் கறுப்பு, வெள்ளை என்று சிலமுறை மாறி மாறித் தள்ளப்பட்டு, கடைசியில் புதிய படத்தில் நிற்கும். திரை பளிச் பளிச்சென்று சிமிட்டுவது அதனால்தான். இந்த 2.9 அங்குலத் திரையில் அதற்குச் சுமார் 2 விநாடி ஆகும். துகள்களைக் குமிழின் இரு முனைகளுக்கும் விரட்டியடிப்பதால் பழைய நிலையின் தடம் அழிந்துபோகிறது. பகுதிப் புதுப்பிப்பில் மாற வேண்டிய புள்ளிகளுக்கு மட்டும் ஒரு குறுகிய தள்ளு கிடைக்கும். 0.3 விநாடியில் முடிந்துவிடும், சிமிட்டலும் இருக்காது. கண்ணுக்கு இதமான வழி இதுவே. ஆனால் ஒரே தள்ளில் எல்லாத் துகள்களும் ஊர் போய்ச் சேருவதில்லை. பின்தங்கிய சில துகள்கள் வெள்ளைப் பரப்பில் லேசான சாம்பலாகத் தெரியும்.

நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் ஒரு மேசைக் கடிகாரத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். நேரம் 10:10-லிருந்து 10:11 ஆகும்போது கடைசி இலக்கம் மட்டும் மாறுகிறது. பூஜ்யத்தின் வளைவில் இருந்த கறுப்புப் புள்ளிகள் வெள்ளையாக வேண்டும், நடுவில் ஒரு கோடு கறுப்பாக வேண்டும். ஒன்று மெலிந்த எண் என்பதால் அதைச் சுற்றிப் பூஜ்யத்தின் வட்டம் மெல்லிய நிழலாக நிற்கும். அடுத்து 2, 3, 4 என்று வரும்போது ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஏதாவது விட்டுச்செல்லும். பத்து நிமிடத்தில் அந்த இடம் மட்டும் அழுக்குப் படிந்ததுபோல் தோன்றும். பக்கத்தில் மாறாமல் நிற்கும் மணி இலக்கங்கள் பளிச்சென்று இருப்பதால் வேறுபாடு இன்னும் எடுப்பாகத் தெரியும்.

ஒவ்வொரு நிமிடமும் முழுப் புதுப்பிப்பு செய்தால் நிழல் இருக்காதுதான். ஆனால் ஒரு நாளைக்கு 1,440 முறை சிமிட்டும் கடிகாரத்தை யாரும் மேசையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முழுவதும், இடையில் பகுதியும் என்று வைத்தால் நாளுக்கு 144 சிமிட்டல், 1,296 அமைதியான மாற்றங்கள். எத்தனை பகுதிக்கு ஒரு முழு என்பதில் கல்லில் பொறித்த விதி எதுவும் கிடையாது. மாட்யூல் தயாரிப்பாளரான வேவ்ஷேர் ஐந்து போன்ற சிறிய எண்ணிக்கையையே சொல்கிறது. எண்கள் மட்டும் மாறும் கடிகாரத்துக்குப் பத்து தாங்கும். பெரிய கறுப்புப் பட்டைகள் இடம் மாறும் படமாக இருந்தால் ஐந்தே அதிகம்.

```
void showTime(const char *hhmm, int minute) {
  if (minute % 10 == 0) display.setFullWindow();
  else display.setPartialWindow(0, 40, 200, 56);
  display.firstPage();
  do {
    display.fillScreen(GxEPD_WHITE);
    display.setCursor(10, 88);
    display.print(hhmm);
  } while (display.nextPage());
  display.hibernate();
}
```

இங்கே திரை படுக்கைவாட்டில் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. பகுதிச் சாளரத்தின் செங்குத்துத் தொடக்கம் 40, உயரம் 56 என்று இருப்பது தற்செயல் அல்ல. திரையின் நினைவகம் எட்டுப் புள்ளிகளை ஒரு பைட்டாக அடுக்கி வைப்பதால், அந்தத் திசையில் எட்டின் மடங்குகளைக் கொடுப்பதே பாதுகாப்பு. திரையைத் திருப்பாமல் நிமிர்த்தி வைத்தால் இதே நிபந்தனை கிடைமட்ட எண்களுக்கு வரும். கடைசி வரியில் உள்ள hibernate திரைச் சில்லை உறங்க வைக்கிறது. புதுப்பித்து முடித்த பிறகு உயர் மின்னழுத்தத்தை அப்படியே விட்டுவைத்தால் திரைக்குக் கேடு என்பதால் இந்த வரியை விட்டுவிடக் கூடாது.

இதுவரை சொன்னது மையின் இயல்பால் வரும் நிழல். இதைத் தவிர நிரலின் கணக்குப் பிழையால் வரும் நிழல் ஒன்றும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்களே அதிகம். எஸ்எஸ்டி1680 போன்ற கட்டுப்பாட்டுச் சில்லில் இரண்டு நினைவகப் பகுதிகள் உள்ளன. ஒன்றில் புதிய படம், மற்றொன்றில் பழைய படம். பகுதிப் புதுப்பிப்பின்போது சில்லு இரண்டையும் ஒப்பிடும். பழையது கறுப்பு, புதியது வெள்ளை என்றால் தள்ளும். இரண்டும் வெள்ளை என்றால் அந்தப் புள்ளியைத் தொடாது. திரையில் உண்மையில் என்ன தெரிகிறது என்று சில்லுக்குக் கண் இல்லை, குறிப்பேட்டில் இருப்பதைத்தான் நம்புகிறது. குறிப்பேட்டில் வெள்ளை என்று எழுதியிருக்க, திரையில் கறுப்பு நின்றால், அந்தக் கறுப்பு அப்படியே தங்கிவிடும்.

மின்சாரம் போய் வந்தபின் நடப்பது இதுதான். திரையில் பழைய நேரம் தெரிந்துகொண்டிருக்கும், சில்லின் நினைவகத்திலோ அது இருக்காது. அந்த நிலையில் உடனே பகுதிப் புதுப்பிப்பு செய்தால் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். எனவே மின்சாரம் வந்தவுடன் முதலில் ஒரு முழுப் புதுப்பிப்பு கட்டாயம். மின்கலத்தில் ஓடும் கருவியில், மைக்ரோகண்ட்ரோலர் மட்டும் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய் நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கும் அமைப்பு வழக்கம். அப்போது திரைக்கான மின்சாரத்தைத் துண்டிக்காமல் வைத்து, விழித்தவுடன் `display.init(115200, false)` என்று அழைத்தால், இது முதல் தொடக்கம் அல்ல என்று நூலகம் புரிந்துகொண்டு சிமிட்டாமல் தொடரும். நூலகம் இல்லாமல் சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பின்னும் அதே படத்தைப் பழைய பகுதியிலும் எழுதிவைக்க வேண்டும்.

இரண்டு நிழல்களையும் பிரித்தறியலாம். மையின் நிழல் வெளிறிய சாம்பல்; எண்ணின் உருவம் தேடினால்தான் தெரியும். கணக்குப் பிழையின் நிழல் ஏறக்குறைய முழுக் கறுப்பு. பழைய எண்ணைத் தெளிவாகவே படிக்கலாம். முதலாவது தெரிந்தால் முழுப் புதுப்பிப்பின் இடைவெளியைக் குறைக்க வேண்டும். இரண்டாவதுக்கு அது மருந்தாகாது, அடுத்த முறை மீண்டும் வரும். அங்கே நிரலைத்தான் பார்க்க வேண்டும்.

குளிர் இன்னொரு காரணம். திரவம் கெட்டியாகும்போது துகள் மெதுவாக நகரும், அதே தள்ளு போதாமல் போகும். சில்லு தன் வெப்பநிலை உணரியைப் பார்த்துத் தள்ளும் நேரத்தை மாற்றிக்கொள்ளும். ஆனாலும் குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கும் வெப்பமானி போன்றவற்றில் பகுதிப் புதுப்பிப்பை மிகவும் சுருக்கிவிடுவது நல்லது. நம் ஊர்ச் சமவெளியில் இதற்கு நேர்மாறான தொல்லைதான் உண்டு. சாதாரண மாட்யூல்கள் 50 டிகிரி செல்சியஸ் வரைக்குமானவை. வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு அதைத் தாண்டிவிடும்.

வாங்கும்போதே கவனிக்க வேண்டிய ஒன்று, சிவப்பு நிறமும் உள்ள திரைகள். அழகாக இருக்கும் என்று பலர் அதை எடுத்துவிடுகிறார்கள். மூன்றாவது வகைத் துகளைத் தனியே பிரித்து மேலே கொண்டுவர நீண்ட தள்ளு வேண்டியிருப்பதால், ஒரு மாற்றத்துக்குப் பத்து விநாடிக்கும் மேலாகும். பெரும்பாலானவற்றில் பகுதிப் புதுப்பிப்பே கிடையாது. தினமும் ஒருமுறை மாறும் நாட்காட்டிக்கு அவை போதும், கடிகாரத்துக்கு உதவாது.

படம் மாறாமலேயே இருக்கும் கருவியிலும் நாளுக்கு ஒருமுறையாவது முழுப் புதுப்பிப்பு செய்யும்படி தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். நெடுநாள் ஒரே படத்தில் நின்ற திரையின் தடம் ஒரு சிமிட்டலில் போவதில்லை. முழுக் கறுப்பு, முழு வெள்ளை என்று பலமுறை மாற்றினால் பெரும்பாலும் மங்கிவிடும். பயன்படுத்தாமல் எடுத்துவைக்கப்போகும் திரையை முழுவதும் வெள்ளையாக்கி, மின்சாரத்தைத் துண்டித்து, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.