முதியவர் கண்ணுக்கு எட்டும் செய்தி

கண்புரை உள்ளவருக்கு எழுத்து பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடே அவருக்கு மங்கித் தெரியும். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் திரையில் சில வரிகள்தான் அடங்கும். மேலே தள்ளிப் படிக்கும்போது விட்ட இடம் தவறிப்போகும். அதனால் செய்தி ஒரே திரைக்குள் அடங்குவது நல்லது.

மகன் அம்மாவுக்கு அனுப்பும் ஒரு செய்தி: "அம்மா, 14ஆம் தேதி கண் டாக்டரைப் பார்க்கறதா இருந்துச்சுல்ல, அவர் லீவாம், 16க்கு மாத்திட்டாங்க, 8.30க்கு வரச் சொல்றாங்க, எனக்கு ஆபீஸ் இருக்கு, ரவி வந்து கூட்டிட்டுப் போவான், பழைய ரிப்போர்ட் எடுத்து வைங்க, சர்க்கரை மாத்திரை போடலாமான்னு கேட்டுச் சொல்றேன், வேற ஏதாவதுன்னா மெசேஜ் பண்ணுங்க."

இதில் முதலில் கண்ணில் படுவது ரத்தான தேதி. 8.30இல் புள்ளி மறைந்துவிடும். 3, 8 ஆகிய எண்கள் ஒன்றுபோலத் தெரியும். அம்மாவுக்குத் தேவை மருத்துவமனை நேரமும் அல்ல, வீட்டில் தயாராக வேண்டிய நேரம். திருத்திய செய்தி இது:

அம்மா, கண் டாக்டர் *16, வியாழக்கிழமை*.
14ஆம் தேதி போக வேண்டாம்.
காலை எட்டு மணிக்கு ரவி ஆட்டோவில் வருவான்.
பச்சை ஃபைல் எடுத்துக்கோங்க.
சரின்னா மிஸ்டு கால் குடுங்க.

நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே எழுதியது வாட்ஸ்அப்பில் தடித்த எழுத்தாகத் தெரியும். தேதியோடு கிழமையும் இருப்பதால், ஒன்றைத் தவறாகப் படித்தாலும் தினசரி காலண்டரைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். ஏற்கெனவே 14 என்று சொல்லியிருந்ததால்தான் அந்த இரண்டாவது வரி. இல்லையென்றால் அதுவும் வேண்டாம். 'ரிப்போர்ட்' என்பதைவிட ஃபைலின் நிறத்தைச் சொன்னால் அலமாரியில் தேடுவது எளிது. மாத்திரை விஷயம் இன்னும் முடிவாகவில்லை. டாக்டரைக் கேட்ட பிறகு அதைத் தனியாக அனுப்பலாம்.

இதையே படமாக்கி அனுப்புவது உதவாது. கைப்பேசியில் எழுத்தளவைக் கூட்டினாலும் படத்துக்குள் இருக்கும் எழுத்து வளராது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால், தமிழிலேயே படித்துப் பழகியவர் ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கும்.

பதில் கேட்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "1 என்று அனுப்புங்கள்" என்பது சுலபம்போலத் தோன்றும். ஆனால் பல விசைப்பலகைகளில் எண்களைக் கொண்டுவரவே வேறொரு பொத்தானை அழுத்த வேண்டும். தட்டச்சுப் பழக்கம் இல்லாதவர் அங்கேயே நின்றுவிடுவார். மிஸ்டு காலுக்கு எழுத்தே தேவையில்லை. ஒரு செய்தியில் ஒரே கேள்வி இருந்தால்தான் அந்த ஒரு அழைப்பு எதற்கான பதில் என்பதும் விளங்கும்.

நீல டிக் விழுந்தால் செய்தி திறக்கப்பட்டது என்றுதான் பொருள், புரிந்தது என்றல்ல. மிஸ்டு கால் வந்ததும் திரும்ப அழைத்து, "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் பெரும்பாலும் "ம்" என்றே பதில் வரும். "என்னிக்குப் போறீங்கம்மா?" என்று கேட்டு, கிழமையை அவர் வாயால் சொல்லக் கேட்டுக்கொள்வதே சரி.