தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்?

அடுக்ககத்தில் லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: "15.06.2025 இரவு 12 மணி முதல் 12 மணி நேரம் குடிநீர் வராது." தெளிவாகத்தான் தெரிகிறது. ஆனால் கடிகாரக் கணக்கில் 15ஆம் தேதி பிறப்பதே சனிக்கிழமை நள்ளிரவில்தான். பேச்சு வழக்கிலோ, 15ஆம் தேதி இரவு என்றால் ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். இரண்டுக்கும் நடுவே 24 மணி நேரம் இருக்கிறது. ஞாயிறு மாலை குடம் நிரப்பலாம் என்றிருப்பவர், காலையிலேயே காலிக் குழாயைத் திருகிக்கொண்டு நிற்பார். நள்ளிரவு தாண்டிப் புறப்படும் ரயிலுக்கு ஒருநாள் தாமதமாகப் போய் நிற்கிறார்களே, அதே குழப்பம்தான். கிழமையைச் சேர்த்து எழுதி, 12 என்ற எண்ணையே தவிர்த்து 'இரவு 11 மணி' என்று தொடங்கிவிட்டால் இது தீர்ந்துவிடும்.

முடியும் நேரம்தான் சிக்கலானது. வேலை முடிந்து வால்வைத் திறப்பது ஒரு நேரம். வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவது வேறொரு நேரம். பழுது பார்க்க வடித்துவிட்ட குழாய்க்குள் இருப்பது காற்று. வால்வை மளமளவென்று திறந்தால், வெளியேற வழியில்லாத காற்று நசுங்கி, பாய்ந்துவரும் தண்ணீர் தடைபடும் இடத்தில் அழுத்தம் திடீரென எகிறும். சரிசெய்த இணைப்பே மறுபடி பிய்த்துக்கொள்ளலாம். அதனால் வால்வைச் சிறிது சிறிதாகத் திறக்கிறார்கள். உயரமான இடங்களில் உள்ள காற்று வால்வுகள் சீறிக்கொண்டே காற்றை வெளியே விடும். சீறல் அடங்கித் தண்ணீர் எட்டினால், அந்தப் பகுதி நிரம்பிவிட்டது என்று பொருள்.

எவ்வளவு நேரம் ஆகும்? தண்ணீர் நொடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் முன்னேறுவதாக வைத்துக்கொண்டால், 5 கிலோமீட்டர் நிரம்ப ஏறக்குறைய நாலரை மணி நேரம். இதில் வேடிக்கை, அந்த வேகத்தில் குழாய் ஒல்லியோ பருமனோ, நேரம் ஒன்றுதான். மாறுவது கொள்ளளவு. 900 மில்லிமீட்டர் குழாயின் அந்த 5 கிலோமீட்டருக்குள் போவது சுமார் 32 லட்சம் லிட்டர். அவ்வளவையும் குழாயே குடித்த பிறகுதான் கடைசித் தெருவுக்குத் தண்ணீர். மேட்டில் இருக்கும் வீடுகளுக்கு அழுத்தம் ஏற இன்னும் நேரமாகும்.

முதலில் வருவது செம்மண் நிறத்தில் இருக்கலாம். பழைய இரும்புக் குழாயின் துருவும் அடியில் படிந்திருந்த வண்டலும் புது ஓட்டத்தில் கிளம்பி வரும். அதைவிடக் கவலை தருவது கண்ணுக்குத் தெரியாத அழுக்கு. அழுத்தம் இல்லாத நேரத்தில் விரிசல் வழியே வெளிநீர் உள்ளே கசிந்திருக்கலாம். நிறம் தெளிந்துவிட்டது என்பதற்காக உடனே குடித்துவிடக் கூடாது.

ஆகவே அந்தத் தாளை இப்படி எழுதலாம்:

"15.06.2025 ஞாயிறு இரவு 11 மணிக்குக் குடிநீர் நிறுத்தப்படும். 16.06.2025 திங்கள் பகல் 11 மணிக்கு வால்வு திறக்கப்படும். வீடுகளுக்குத் தண்ணீர் வர அன்று மாலை 5 மணி வரை ஆகலாம். முதலில் கலங்கலாக வரும் நீரைத் தொட்டியில் விடவேண்டாம். மறுநாள் வரை காய்ச்சிக் குடிக்கவும்."