ஓய்வுக்குப் பின் முதல் ஐந்து ஆண்டுகள்: சேமிப்பைக் கரைக்கும் வரிசை

பெங்களூரில் மென்பொருள் நிறுவனங்களிலும் தனியார் ஆலைகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெறுபவர்களில் பெரும்பாலானோருக்கு அரசு ஊழியருக்குக் கிடைப்பது போன்ற ஓய்வூதியம் இல்லை. வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த இ.பி.எஸ். ஓய்வூதியம் உண்டு. ஆனால் பெரும்பாலோருக்கு அது 15,000 ரூபாய் என்ற சம்பள உச்சவரம்பின் பேரிலேயே கணக்கிடப்படுவதால், முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தவருக்கும் மாதம் எட்டாயிரம் ரூபாயைத் தொடுவதில்லை. மற்ற செலவு முழுவதும் பி.எஃப். பணம், பணிக்கொடை, மியூச்சுவல் ஃபண்டு, நிறுவனம் கொடுத்த பங்குகள் ஆகியவற்றிலிருந்துதான் வர வேண்டும். அந்தத் தொகையை எங்கே போடுவது என்று கேட்டால், ‘பங்குச் சந்தை ஃபண்டில் போடுங்கள், சராசரியாக 12 சதவீதம் வரும், அதில் 6 சதவீதத்தை எடுத்துச் செலவழித்தாலும் முதல் வளர்ந்துகொண்டே போகும்’ என்ற பதில் எளிதாகக் கிடைக்கிறது. சேமிக்கிற காலத்தில் சராசரி நல்ல வழிகாட்டிதான். ஆனால் எடுத்துச் செலவழிக்கத் தொடங்கியபின் அது பாதி உண்மையை மட்டுமே சொல்கிறது. எந்த ஆண்டில் லாபம், எந்த ஆண்டில் நட்டம் என்ற வரிசைதான் மீதிப் பாதி. ஓய்வின் தொடக்கத்திலேயே சந்தை விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே கண்முன் சான்று இருக்கிறது.

2007 டிசம்பர் இறுதியில் சென்செக்ஸ் 20,287 புள்ளிகளில் முடிந்தது. அடுத்த ஆண்டு முடிவில் 9,647. பிறகு மீண்டது, 2011-இல் மறுபடி விழுந்தது, மீண்டும் எழுந்து 2017 முடிவில் 34,057-க்கு வந்தது. பத்து ஆண்டுகளில் மொத்தம் 68 சதவீத உயர்வு. ஒருவர் 2007 முடிவில் ஒரு கோடி ரூபாயோடு ஓய்வு பெற்று, அதை அப்படியே சென்செக்ஸ் நகர்வைப் பின்பற்றும் முதலீட்டில் வைத்ததாகக் கொள்வோம். ஆண்டின் தொடக்கத்தில் வீட்டுச் செலவுக்கு 6 லட்சம் எடுக்கிறார். விலைவாசி ஏறுவதால் ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தொகையை 6 சதவீதம் கூட்டிக்கொள்கிறார். ஈவுத்தொகை, வரி, கட்டணம் எதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பத்து ஆண்டுகளில் அவர் எடுத்தது மொத்தம் சுமார் 79 லட்சம், 2017 முடிவில் மிஞ்சியது சுமார் 29 லட்சம். அடுத்த ஆண்டுச் செலவுக்கே பத்தே முக்கால் லட்சம் வேண்டும் என்ற நிலையில், அந்த 29 லட்சம் மூன்று ஆண்டுகளுக்குக்கூடப் போதாது. இதே பத்து ஆண்டுகளின் ஏற்ற இறக்கங்களைத் தலைகீழாக அடுக்கிப் பாருங்கள்: 2017-இன் லாபம் முதலில், 2008-இன் பெரும் சரிவு கடைசியில். அதே ஒரு கோடி, அதே சராசரி, எடுத்த பணமும் அதே 79 லட்சம். ஆனால் முடிவில் மிஞ்சுவது சுமார் 87 லட்சம். ஒருவருடைய உழைப்பிலோ சிக்கனத்திலோ புத்திசாலித்தனத்திலோ எந்த வேறுபாடும் இல்லாமல், வரிசை மட்டுமே மாறி 58 லட்சம் வித்தியாசத்தை உண்டாக்குகிறது. பணம் எதையும் எடுக்காமல் விட்டிருந்தால் இரண்டு வரிசையிலும் ஒரே 1 கோடியே 68 லட்சம்தான் வந்திருக்கும்.

இது ஏன் நடக்கிறது? முதலீட்டை ரூபாயாகப் பார்க்காமல் யூனிட்டுகளாகப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். ஒரு யூனிட்டின் விலை சென்செக்ஸ் புள்ளிக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கோடிக்கு 2007 முடிவில் சுமார் 493 யூனிட்டுகள் கிடைத்திருக்கும். முதல் ஆண்டுச் செலவுக்கு 6 லட்சம் எடுக்க 30 யூனிட்டுகளை விற்றால் போதும். அடுத்த ஆண்டு சந்தை பாதிக்கும் கீழே கிடக்கும்போது 6 லட்சத்து 36 ஆயிரம் எடுக்க 66 யூனிட்டுகளை விற்க வேண்டியிருக்கிறது. வீட்டு வாடகையும் மருந்துச் செலவும் சந்தை ஏறும்வரை காத்திருப்பதில்லை. எதிர்காலத்தில் வளர வேண்டிய யூனிட்டுகளை அடிமாட்டு விலைக்கு விற்பது, விதைநெல்லைக் குத்திச் சமைப்பது போன்றது. மழை வந்தாலும் விதைக்க ஏதும் இருக்காது.

இங்கே வழக்கமாக எழும் மறுப்பு ஒன்று உண்டு. ‘சந்தை எப்போதும் மீண்டுவிடும், பொறுமைதான் வேண்டும்’ என்பார்கள். சந்தை மீண்டது உண்மை. 2010 முடிவில் சென்செக்ஸ் 20,509-ஐத் தொட்டு, மூன்றே ஆண்டுகளில் பழைய உயரத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் நம் கணக்கிலுள்ள ஓய்வு பெற்றவரிடம் அன்று இருந்தது சுமார் 73 லட்சத்து 60 ஆயிரம்தான். அதுவரை எடுத்த 19 லட்சத்தைக் கூட்டினாலும் ஒரு கோடி நிறையவில்லை. குறியீட்டெண் மீண்டது, விற்றுப்போன யூனிட்டுகள் மீளவில்லை. பொறுமை என்பது பணத்தை எடுக்கத் தேவையில்லாதவரின் வசதி. ஓய்வு பெற்றவருக்கு அந்த வசதியை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டால்தான் உண்டு.

அந்த ஏற்பாட்டில் முதன்மையானது, முதல் சில ஆண்டுகளின் செலவைப் பங்குச் சந்தைக்கு வெளியே வைப்பது. மேலே சொன்ன அதே மோசமான வரிசையில், ஒரு கோடியில் பாதியை ஆண்டுக்கு 7 சதவீதம் தரும் வைப்பிலும் பாதியைச் சந்தையிலும் வைத்து, ஒவ்வோர் ஆண்டும் செலவுப் பணத்தை எடுத்தபின் இரண்டையும் சரிபாதியாக்கிக்கொண்டால், பத்து ஆண்டுகளின் முடிவில் மிஞ்சுவது 29 லட்சம் அல்ல, சுமார் 81 லட்சம். நல்ல வரிசை வந்திருந்தால் 101 லட்சம். இரண்டுக்கும் இடையிலிருந்த 58 லட்ச இடைவெளி 20 லட்சமாகச் சுருங்கிவிடுகிறது. சந்தை விழுந்த ஆண்டில் செலவு வைப்பிலிருந்து போகிறது, மேலும் மலிவாகக் கிடைக்கும் யூனிட்டுகள் வாங்கவும் படுகின்றன. ஏறிய ஆண்டில் லாபத்தின் ஒரு பகுதி வைப்புக்குத் திரும்புகிறது. இதில் ஆரூடம் எதுவும் இல்லை, ஆண்டுக்கு ஒருநாள் கணக்குப் பார்க்கும் ஒழுங்கு மட்டுமே.

அப்படியானால் முழுப் பணத்தையும் வைப்பிலேயே போட்டுவிடலாமே என்று கேட்கலாம். அந்தக் குறிப்பிட்ட பத்தாண்டில் அது மோசமான முடிவாக இருந்திருக்காது. 7 சதவீத வட்டியில் சுமார் 84 லட்சம் மிஞ்சியிருக்கும். ஆனால் ஓய்வு பத்தாண்டில் முடிவதில்லை. 7 சதவீத வட்டி, ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறும் செலவு என்ற கணக்கில், 6 லட்சத்தில் தொடங்கும் செலவு ஒரு கோடியைப் பதினெட்டு ஆண்டுகளில் தீர்த்துவிடும். வட்டிக்கு வரி கட்டினால் இன்னும் சீக்கிரம். அறுபது வயதில் ஓய்வு பெற்றவருக்கு அது எழுபத்தெட்டு வயது. ஐம்பதிலேயே வேலையை விட நினைக்கும் மென்பொருள் ஊழியருக்கு அறுபத்தெட்டு. ஆகவே சந்தையும் வேண்டும், ஆனால் முதல் ஆண்டுகளின் சாப்பாட்டை அதன் கையில் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது வழி, செலவை வளைத்துக்கொள்வது. முழுப் பணமும் சந்தையில் இருந்த அதே மோசமான வரிசையில், பத்து ஆண்டுகளும் செலவைக் கூட்டாமல் 6 லட்சத்திலேயே நிறுத்தியிருந்தால், மிஞ்சுவது 29 லட்சத்துக்குப் பதிலாகச் சுமார் 59 லட்சம். பெங்களூரின் வாடகையும் மருத்துவச் செலவும் ஏறும் வேகத்தில் பத்து ஆண்டுகள் அப்படி நிறுத்துவது யாராலும் முடியாது. ஆனால் சந்தை விழுந்த ஓரிரு ஆண்டுகளில் மட்டும் உயர்வைத் தள்ளிவைப்பதும், பயணம், வீடு புதுப்பித்தல், வண்டி மாற்றுதல் போன்றவற்றை ஒத்திப்போடுவதும் முடியும். அதற்கு, தவிர்க்க முடியாத செலவு எவ்வளவு, தள்ளிப்போடக்கூடியது எவ்வளவு என்று ஓய்வுக்கு முன்பே பிரித்து எழுதியிருக்க வேண்டும்.

தவிர்க்க முடியாத செலவுக்கு உறுதியான வரவு தேடுவது மூன்றாவது வழி. அறுபது வயதைக் கடந்தவர் அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். இந்த வரம்பு 2023 ஏப்ரலில் 15 லட்சத்திலிருந்து உயர்ந்தது. அதே மாதம் நடைமுறைக்கு வந்த 8.2 சதவீத வட்டியில், 30 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய் கணக்கில் வரும். போட்ட நாளின் வட்டி விகிதம் ஐந்து ஆண்டுகளும் மாறாது. வரிசை அபாயம் மிகுந்த காலமும் ஏறக்குறைய இதே ஐந்து ஆண்டுகள்தான். கணவன் மனைவி இருவரும் தகுதி பெற்றவர்கள் என்றால் தனித்தனியே கணக்குத் தொடங்கலாம். 55 வயதிலிருந்து 60-க்குள் ஓய்வு பெற்றவர்களும், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேரலாம் என்பதைப் பலர் அறியாமல் விட்டுவிடுகிறார்கள். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு உரிமை உண்டு. அறுபது வயதில் சந்தை விழுந்திருந்தால் அன்றே பணத்தை எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம், தவணை முறையிலும் எடுக்கலாம்.

பாதுகாப்புக்கென்று ஒதுக்கிய பணம் உண்மையில் பாதுகாப்பாக இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. 2020 ஜனவரியில், பெங்களூர் பசவனகுடியிலுள்ள ஸ்ரீ குரு ராகவேந்திரா கூட்டுறவு வங்கியில் ஒருவர் 35,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. ஓய்வுப் பணத்தை அங்கே வைத்திருந்த மூத்த குடிமக்கள் தவித்துப்போனார்கள். வைப்புக் காப்பீடு அப்போது ஒரு லட்சம்தான், அடுத்த மாதம் அது 5 லட்சமாக உயர்ந்தது. இப்போதும் ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, அவ்வளவுதான் காப்பு. அதே ஆண்டு ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் ஆறு கடன் பத்திர ஃபண்டுகளை மூடுவதாக அறிவித்தபோது, அவற்றிலிருந்து மாதாமாதம் பணம் எடுத்துவந்தவர்களுக்கு வரவு நின்றது. யூனிட் வைத்திருப்போரின் பெரும்பான்மை ஒப்புதல் இல்லாமல் மூட முடியாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அக்டோபரில் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் ஒப்புதல் தேவை என்பதை உறுதிசெய்தது. பணம் தவணைகளாகத் திரும்பியது. உரிமை நிலைநின்றது, ஆனால் அந்த மாதங்களின் செலவுக்கு அது உதவவில்லை. எனவே முதல் ஆண்டுகளின் பணத்தைக் கூடுதல் வட்டிக்காக ஒரே இடத்தில் குவிக்காமல், அரசுத் திட்டங்களிலும் காப்பு வரம்புக்குள் சில வங்கிகளிலும் பிரித்து வைப்பதே முறை.

ஆபத்து பெரும்பாலும் பி.எஃப். பணம் வங்கிக் கணக்கில் வந்து விழும் வாரத்தில்தான் தொடங்குகிறது. அதுவரை உறுதியான வட்டியில் இருந்த தொகை ஒரே கையெழுத்தில் பங்கு ஃபண்டுக்கும், அங்கிருந்து மாதாந்தர எஸ்.டபிள்யூ.பி. திட்டத்துக்கும் மாறுகிறது. ‘மாத வருமானம்’ என்று விற்கப்பட்டாலும் அது வருமானம் அல்ல, மாதந்தோறும் நம் யூனிட்டுகளை விற்பது. லாபத்துக்கு உறுதி கொடுத்து விற்க எந்த ஆலோசகருக்கும் முகவருக்கும் செபி விதிகளில் அனுமதி இல்லை. அப்படிச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள், ஆலோசகர் என்றால் செபி தளத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், ஏமாற்றப்பட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுங்கள். ஓய்வூதியக் காப்பீட்டுப் பாலிசியைத் தவறாக விற்றிருந்தால், ஆவணம் கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. ஆனால் சந்தை விழுந்ததால் வந்த நட்டத்துக்கு எந்தப் புகாரும் பரிகாரம் தராது. அதற்கான ஒரே பரிகாரம் முன்னேற்பாடு. திட்டத்தை விற்க வருபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, சராசரி லாபம் எவ்வளவு என்பதல்ல. நான் சேர்ந்த முதல் ஆண்டிலேயே 2008 போல ஒரு சரிவு வந்தால், அடுத்த ஐந்து ஆண்டுகளின் வீட்டுச் செலவு எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று கேளுங்கள். அதற்குக் கணக்கு எண்ணோடும் தொகையோடும் பதில் வராதவரை கையெழுத்துப் போடாதீர்கள்.