எண் மாறிப் போன பணம்: வங்கி கேட்கலாம், எடுக்க முடியாது

2023 செப்டம்பரில் சென்னையில் கார் ஓட்டும் ஒருவரின் வங்கிக் கணக்கில் 9,000 கோடி ரூபாய் வந்து விழுந்த செய்தி பலருக்கும் நினைவிருக்கும். மெய்யா பொய்யா என்று பார்க்க நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பினார், போய்ச் சேர்ந்தது. சற்று நேரத்தில் மீதி முழுவதையும் வங்கியே எடுத்துக்கொண்டது. தவறு வங்கியுடையது என்பதால் தன் பதிவைத் தானே திருத்திக்கொண்டது. வாடிக்கையாளர் செய்யும் தவறுக்கு அந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காது.

சேலையூரில் வாடகை வீடு பிடித்த ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் 75,000 ரூபாய். வீட்டுக்காரம்மா பெருங்களத்தூரில் இருக்கிறார். கணக்கு எண்ணைத் தாளில் எழுதி, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அதைப் பார்த்துத் தட்டும்போது 47 என்பது 74 ஆகிவிடுகிறது. அப்படி ஒரு எண் அந்த வங்கியில் இல்லையென்றால் பணம் தானாகத் திரும்பிவிடும். ஆனால் அந்த எண்ணில் முகம் தெரியாத யாரோ கணக்கு வைத்திருக்கிறார். 'சக்சஸ்' என்று திரையில் வருகிறது. மறுநாள் வீட்டுக்காரம்மா, "இன்னும் வரலையேப்பா" என்று போன் செய்யும்போதுதான் விஷயம் தெரிகிறது.

பெயரைச் சரியாகத்தானே போட்டோம், எண்ணோடு பொருந்தாதபோது வங்கி தடுத்திருக்க வேண்டாமா என்ற கோபம் நியாயமானது. ஆனால் விதி வேறு. 2010 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, மின்னணுப் பரிமாற்றத்தில் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே பணம் வரவு வைக்கலாம். எண்ணைச் சரியாகத் தரும் பொறுப்பு அனுப்புகிறவருடையது. அதாவது, நாம் எழுதிய பெயரை யாரும் படிக்கவே இல்லை.

இந்த ஓட்டையை அடைக்க, என்இஎஃப்டி, ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் பணம் அனுப்பும் முன்பு கணக்குக்காரரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கட்டணம் கிடையாது. கிளைக்கு நேரில் வந்து அனுப்புகிறவர்களுக்கும் இது உண்டு. கவுன்டரில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் பெரியவர்கள் "யார் பேர் வருதுன்னு சொல்லுங்க சார்" என்று உரிமையோடு கேட்கலாம். ஆனால் பெயர் பொருந்தவில்லை என்றாலும், பெயரே வராவிட்டாலும், தொடர்வதா நிறுத்துவதா என்பது அனுப்புகிறவர் முடிவு. அவசரத்தில் விரல் 'கன்ஃபர்ம்' பொத்தானுக்குப் போய்விட்டால் அந்தப் பொறுப்பும் நம் தலையில்தான்.

சேலையூர்க் குடும்பம் இப்போது செய்ய வேண்டியது, தங்கள் வங்கிக் கிளைக்குப் போய் எழுத்தில் கொடுப்பது. போனில் புகார் எண் வாங்கினாலும் கடிதம் தனியாக வேண்டும். தேதி, நேரம், தொகை, யுடிஆர் எண், பணம் போன தவறான கணக்கு எண், போயிருக்க வேண்டிய எண், இரண்டுக்குமான வித்தியாசம் எது என்ற ஒரு வரி, இவ்வளவும் அதில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தையும் வாடகை ஒப்பந்த நகலையும் இணைத்தால், இது கைப்பிழைதான் என்பது படிக்கிறவருக்கு உடனே புரியும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வரக்கூடாது. பிற்பாடு எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்த நகலைத்தான்.

இந்த வங்கி அந்த வங்கிக்கு எழுதும். அந்த வங்கி தன் வாடிக்கையாளரை அழைத்து, "இப்படி ஒரு தொகை உங்கள் கணக்கில் வந்திருக்கிறது, திருப்பித் தரச் சம்மதமா?" என்று கேட்கும். அவர் எழுத்தில் சம்மதித்தால் பணம் திரும்பும். வங்கியின் கை நீள்வது இதுவரைதான். அவர் யார், எந்த ஊர், செல்போன் எண் என்ன என்று நம்மிடம் சொல்லாது. வாடிக்கையாளர் ரகசியம் காப்பது அதன் கடமை. ஒருவர் சொல்லை நம்பி இன்னொருவர் கணக்கில் கை வைத்தால், பொருளை வாங்கிக்கொண்டவரும் 'தவறாக அனுப்பிவிட்டேன்' என்று வந்து நிற்பார் என்பது வங்கிக்காரர்கள் சொல்லும் பதில்.

நாள் கடந்தால் நிலைமை மோசமாகிறது. அந்தக் கணக்கில் கடன் தவணை ஓடிக்கொண்டிருந்தால், வந்த பணத்திலிருந்து தவணை தானாகக் கழிந்துவிடும். செல்போன் எண்ணை மாற்றிவிட்டு வங்கியில் சொல்லாதவராக இருந்தால் அழைப்பே போய்ச் சேராது. அதனால்தான் தெரிந்த அன்றே போக வேண்டும் என்கிறேன்.

முடியாது என்று மறுப்பவர்மீது சட்டம் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவு, தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும் என்கிறது. பெயரும் முகவரியும் தெரியாதவர்மீது வழக்குப் போடுவதுதான் சிரமம். நீதிமன்றம் கேட்டால் வங்கி தரும். வங்கியே கடிதத்தைக் கிடப்பில் போட்டால், 30 நாள் கழித்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவரும் வங்கியின் அலட்சியத்தைத்தான் விசாரிப்பார். நம் கைப்பிழைக்காக வங்கி பணம் தர வேண்டும் என்று சொல்ல மாட்டார்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது மறுக்கும் மனிதர்கள் அல்ல, பயப்படும் மனிதர்கள். பணம் தவறாக வந்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள் என்று அழுது பேசி ஏமாற்றும் கும்பல்கள் பெருகிவிட்டன. பணமே வந்திருக்காது, வரவானதுபோல ஒரு குறுஞ்செய்தியை அவர்களே அனுப்பியிருப்பார்கள். சில சமயம் பணம் நிஜமாகவே வந்திருக்கும், ஆனால் அது வேறொருவரை ஏமாற்றிப் பறித்ததாக இருக்கும். இரக்கப்பட்டு அவர்கள் சொல்லும் எண்ணுக்கு அனுப்பிவிட்டால், பறிகொடுத்தவர் 1930-ல் புகார் கொடுத்ததும் முடக்கப்படுவது இரக்கப்பட்டவரின் கணக்கு. இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, யுபிஐ-யில் தவறாக அனுப்பியவர் கூப்பிட்டு, "அண்ணே, நான் சேலையூர்லேருந்து பேசுறேன்" என்று தொடங்கியதுமே எதிர்முனை துண்டிக்கிறது. வங்கியிலிருந்து வரும் உண்மையான அழைப்பையும் அப்படியே வெட்டிவிடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த 75,000 ரூபாய் அங்கேயே கிடக்கிறது.

ஆகவே தெரியாத பணம் வந்தவர்களுக்கும் ஒரு வழி தெரிய வேண்டும். குறுஞ்செய்தியை நம்பாமல் கணக்கு இருப்பைப் பாருங்கள். பணம் இருந்தால் தொடாதீர்கள். போனில் பேசுகிறவர் எவ்வளவு கெஞ்சினாலும் நீங்களாக அனுப்பவும் வேண்டாம். "உங்க பேங்க்ல எழுதிக் கொடுங்க, என் பேங்க்ல நானும் சொல்லிடுறேன்" என்ற பதில் போதும். தவறாக அனுப்பியவர் அதற்கு மறுக்க மாட்டார், ஏமாற்றுக்காரர் அதோடு போனை வைத்துவிடுவார். பிறகு உங்கள் கிளைக்குப் போய், இந்தத் தேதியில் வந்த இந்தத் தொகை என்னுடையதல்ல, எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்குத் திருப்பிவிடச் சம்மதிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டு, யுடிஆர் எண்ணையும் குறிப்பிட்டுக் கொடுங்கள். அந்தக் கடிதத்தின் நகல் ஒன்று முத்திரையோடு உங்களிடமும் இருக்கட்டும். நாளை போலீஸ் அழைத்தால் காட்ட உதவும்.