கராம்பும் கிராம்பும்

மாத்தளையில் நாம் ‘கராம்பு’ என்போம். இந்திய நூல்கள் ‘கிராம்பு’ என்கின்றன. சொல்லை எழுத்தெழுத்தாகத் தேடும் கணினிக்கு இவை வெவ்வேறு. இதற்கு வழி உண்டா என இரு குறிப்புகளை வைத்து அட்டவணை போட்டேன். சொல் வந்தால் 1, வராவிட்டால் 0.

| சொல் | குறிப்பு 1 | குறிப்பு 2 |
|---|---|---|
| கராம்பு | 1 | 0 |
| கிராம்பு | 0 | 1 |
| வாசனை | 1 | 1 |

ஒருமைப் பெறுமானப் பிரிப்பு, அட்டவணையை அதன் போக்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் வலுவையும் தரும். இங்கே வலுக்கள் √3, 1. சிறியதை விட்டுவிட்டு, பெரியதைக் கொண்டு மட்டும் அட்டவணையை மீண்டும் அமைத்தால் வாசனை 1, 1 ஆகவே இருக்கும். மற்றைய நிரைகள் இரண்டும் 0.5, 0.5 ஆகும். கராம்பைத் தேடினால் இரண்டாம் குறிப்பும் அகப்படும்.

ஆனால் கிராம்பின் இடத்தில் ஏலக்காயை வைத்தாலும் அதே 0.5தான். கணக்குக்குத் தெரிவது சொல்லின் பொருளல்ல, அதன் கூட்டு மட்டுமே. அகப்பட்டது கராம்பா, ஏலக்காயா என்பதை நாமே வாசித்துத்தான் அறிய வேண்டும்.