பொம்மைக்கு முதல் ஊசி

மூன்று வயதில் தடுப்பூசிக்குப் போகும் குழந்தைகளில் பலர், விட்டுப்போன தவணைக்காகப் போகிறவர்கள். அரசு அட்டவணைப்படி டிபிடி முதல் பூஸ்டரும் எம்.ஆர். இரண்டாம் தவணையும் 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டியவை. வீடு மாறியதில் அது தவறிப்போன ஒரு பெண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். இப்போது வயது மூன்றேகால். "ரெண்டையும் ஒரே நாள்ல போட்டுடலாம், புதன்கிழமை கூட்டிட்டு வாங்க" என்கிறார் நர்ஸ். கைக்குழந்தை என்றால் தூக்கிக்கொண்டு போய்விடலாம். இவளுக்கு நினைவாற்றல் வந்துவிட்டது, கற்பனையும் வந்துவிட்டது. ஆனால் வலி எவ்வளவு நேரம் இருக்கும், எப்போது தீரும் என்று எண்ணிப் பார்க்கத் தெரியாது. அதனால் என்ன நடக்கப்போகிறது என்பதை அவள் கையால் தொட்டு, செய்து பார்க்க வேண்டும். அதற்குச் சொப்பு விளையாட்டைப் போல வசதியானது வேறில்லை.

விளையாடும் முன் பெரியவர்கள் ஒரு விஷயத்தைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்: எத்தனை ஊசி, எந்த இடத்தில்? இந்த வயதில் பெரும்பாலும் மேற்கையில் போடுவார்கள்; சில சமயம் ஒன்று தொடையில் இருக்கும். பொம்மைக்குக் கையில் ஒரே ஒரு ஊசி போட்டுப் பழக்கிவிட்டு, அங்கே போனதும் இரண்டாவதற்குத் தொடையை நீட்டச் சொன்னால், அவ்வளவு நாள் விளையாடியதும் வீண். குழந்தை அதை ஏமாற்றமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

இரண்டு மூன்று நாள் முன்பே, தேதி எதுவும் சொல்லாமல் டாக்டர் விளையாட்டைத் தொடங்கலாம். கடையில் விற்கும் டாக்டர் செட் கட்டாயம் இல்லை. சிரப் பாட்டிலோடு வரும், ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சு, கொஞ்சம் பஞ்சு, ஒரு பிளாஸ்திரி, குழந்தைக்குப் பிடித்த பொம்மை, இவ்வளவு போதும். உண்மையான ஊசி அந்தப் பக்கமே வரக்கூடாது. முதலில் அம்மா நர்ஸ், குழந்தை பொம்மையின் அம்மா. பொம்மையை மடியில் உட்காரவைக்கிறாள். ஈரப் பஞ்சால் கையைத் துடைக்கிறார்கள். "ஜில்லுன்னு இருக்கும்" என்று பொம்மையிடம் சொல்கிறார்கள். பிறகு சிரிஞ்சு. "ஆ, வலிக்குது!" என்று பொம்மை அழ வேண்டும். இந்த இடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பொம்மை சிரித்துக்கொண்டே ஊசி போட்டுக்கொண்டால், அழுவது தப்பு என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். பொம்மை அழட்டும், அழுதுகொண்டே ஊதட்டும், பஞ்சை வைத்து அழுத்திப் பிளாஸ்திரி ஒட்டியதும் அடங்கட்டும். அப்புறம் இரண்டாவது ஊசி, மறுபடி அதே வரிசை.

அடுத்த ஆட்டத்தில் குழந்தை நர்ஸாகட்டும். அப்பாவுக்குப் போடுவாள், பாட்டிக்குப் போடுவாள். ஒரே பொம்மைக்கு ஓயாமல் குத்திக்கொண்டே இருந்தாலும் தடுக்க வேண்டாம். பயமுறுத்தும் ஒரு வேலை அவள் கைக்கு வந்திருக்கிறது, அதைப் பழகிப் பார்க்கிறாள். சிரிஞ்சைப் பார்த்ததும் உறைந்துபோகிறாள், பொம்மையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள் என்றால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். மறுநாள் பஞ்சும் பிளாஸ்திரியும் மட்டும் வைத்து, காயத்துக்குக் கட்டுப்போடுவதிலிருந்து ஆரம்பிக்கலாம். தூங்கப்போகிற நேரத்தில் இந்த விளையாட்டு வேண்டாம்.

புதன்கிழமை போகப்போகிறோம் என்பதைச் செவ்வாய் சாயங்காலம் சொன்னால் போதும். மிகவும் கலங்குகிற குழந்தையானால் அன்று காலையிலேயே சொல்லலாம். ஒரு வாரம் முன்னால் சொன்னால் ஒரு வாரமும் பயந்துகொண்டிருக்கும். சொல்லும்போது உண்மையைச் சொல்லுங்கள். "பொம்மைக்குப் போட்ட மாதிரி நாளைக்கு உனக்கும் ரெண்டு ஊசி." "வலிக்குமாம்மா?" என்று கேட்பாள். "சுருக்குன்னு இருக்கும் கண்ணு. நீ அழலாம். நான் மடியில வச்சுப் பிடிச்சுக்குவேன்."

"எடை பார்க்கத்தான் போறோம்" என்று சொல்லி அழைத்துப்போவது நம் வீடுகளில் வழக்கம். அன்பினால் சொல்வதுதான். ஆனால் அந்தப் பொய் வெளிப்படும்போது, குழந்தைக்கு மிகவும் தேவையான ஆள் மீதே நம்பிக்கை போய்விடுகிறது. "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்கிற மிரட்டல் அதைவிட மோசம். ஊசியைத் தண்டனையாக்கிவிட்டால், மூன்று நாள் விளையாட்டால் அதை மாற்றிவிட முடியாது. இந்த ஒன்றை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

இனி கையோடு கொண்டுபோகும் பை. ஒரு மஞ்சப்பை போதும். அதைக் குழந்தையே அடுக்கட்டும். ஊசி போட்டுக்கொண்ட பொம்மை அதில் முதலில் ஏறும். தூங்கும்போது கட்டிப்பிடிக்கும் பழந்துணியோ அம்மாவின் துப்பட்டாவோ அடுத்தது. பிறகு ஊதுவதற்கு ஒன்று: சோப்புக் குமிழி அல்லது காகிதக் காற்றாடி. நான் காற்றாடியைத்தான் சொல்வேன். நெரிசலான அறையில் சோப்புத் தண்ணீர் தரையில் சிந்தினால் வழுக்கும். ஊதுவது வெறும் வேடிக்கைக்காக இல்லை. மூச்சை நீட்டி வெளியே விடும்போது உடம்பின் இறுக்கம் தளர்கிறது, கவனமும் காற்றாடியில் போகிறது. ஆனால் வீட்டில் பொம்மைக்காக ஊதிப் பழகியிருந்தால்தான் அங்கே வரும். கடைசியாக, குழந்தைக்குத் தெரியாமல் நீங்கள் வைக்கும் ஒரு புதுப் பொருள்: திறந்து மூடும் படப் புத்தகம், ஸ்டிக்கர் தாள் மாதிரி. அதைக் காத்திருக்கும்போதே கொடுத்துவிடாதீர்கள். பஞ்சு துடைக்கத் தொடங்கும்போது வெளியே எடுங்கள். மிட்டாயை எல்லாம் முடிந்த பிறகு கொடுங்கள். அழும்போது வாயில் இருந்தால் புரையேறும்.

கனடாவில் அன்னா டாடியோ தலைமையிலான குழு, தடுப்பூசி வலியைக் குறைப்பதற்கான வழிகாட்டுதலை 2015-ல் வெளியிட்டது. குழந்தையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்துப் பிடிப்பது அதில் உள்ள ஒரு பரிந்துரை. மல்லாத்திப் படுக்கவைத்து நாலு பேர் அமுக்குவது வலியைவிடப் பெரிய பயத்தைத் தருகிறது. நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து, குழந்தையை உங்கள் நெஞ்சைப் பார்த்தபடி மடியில் வையுங்கள். கால்கள் உங்கள் இடுப்பின் இரு பக்கமும் இருக்கட்டும். ஒரு கை உங்கள் அக்குள் வழியே முதுகுப் பக்கம் போகட்டும். ஊசி போடும் கையை உங்கள் கையால் அசையாமல் பிடியுங்கள். இரண்டு ஊசி என்றால், அதிகம் வலிப்பதை இரண்டாவதாகப் போடும்படி நர்ஸிடம் கேட்கலாம். மரக்கச்செய்யும் களிம்பு வேண்டுமானால் டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அது வேலைசெய்ய ஒரு மணி நேரம் பிடிக்கும். அங்கே போய்த் தடவிப் பயனில்லை.

ஊசி இறங்கும் நேரத்தில், "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றும் "ஐயோ, சாரிடா செல்லம்" என்றும் தானாக வாயில் வரும். ஊசி போடும் அறைகளில் பெற்றோர் பேச்சைக் கவனித்த ஆய்வுகளில், இப்படிச் சமாதானம் சொல்லும்போது குழந்தைகளின் கலக்கம் கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். அம்மா குரலே நடுங்கினால் ஏதோ பெரிய ஆபத்து என்று தோன்றாதா? அதற்குப் பதில் வேலை கொடுங்கள். "காத்தாடி சுத்தலையே, இன்னும் பலமா ஊது." "இந்தக் கதவுக்குப் பின்னாடி யார் ஒளிஞ்சிருக்கா, தொறந்து பாரு."

இத்தனைக்குப் பிறகும் குழந்தை அழலாம். அழாமல் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது, மடியிலிருந்து இறங்கி விளையாடப் போகிறதா என்று பாருங்கள். போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள். பையில் மீதி இருப்பவை அப்போது உதவும். வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் எல்லோருக்கும் ஊசி போட்டுக்கொண்டு திரிவாள்; கையை நீட்டிக்கொடுங்கள். வாரக்கணக்கில் தூக்கத்தில் அலறுகிறாள், ஆஸ்பத்திரித் தெருவுக்குள் வந்தாலே உடம்பு நடுங்குகிறது என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பையை மடித்து வைத்துவிடலாம். அட்டவணையில் டிபிடி இரண்டாம் பூஸ்டர் ஐந்து முதல் ஆறு வயதில் வரும். அந்த வயதுக் குழந்தையிடம் சில நாள் முன்னதாகவே சொல்லலாம், பையில் என்ன வைப்பது என்று அவளிடமே கேட்கலாம்.