நாயைப் பிடித்தவருக்குப் பரிசுப் பணம் கிடைக்குமா?

காணாமல் போன தன் நாயை “கண்டுபிடித்து ஒப்படைப்பவருக்கு 10,000 ரூபாய்” என்று செல்வி தெருவெங்கும் நோட்டீஸ் ஒட்டுகிறார். அடுத்த தெருக் குடியிருப்பின் காவலாளி முருகன் அதைப் பார்க்கவில்லை. மறுநாள் காலை, கார் நிறுத்துமிடத்தில் படுத்திருந்த நாயைப் பிடித்துக் கட்டுகிறார். கழுத்துப் பட்டையில் இருந்த முகவரியைப் பார்த்து அழைத்துப் போகிறார். செல்வி வீட்டு வாசலில்தான் நோட்டீஸ் கண்ணில் படுகிறது. படித்துவிட்டு நாயை ஒப்படைக்கிறார். பரிசைக் கேட்டால் செல்வி மறுக்கிறார். முருகனுக்குச் சட்டத்தில் வழி உண்டா?

சட்டக் கல்லூரித் தேர்வுகளில் இத்தகைய கற்பனைக் கேள்விகள் வழக்கம். விடையை எழுவினா, விதி, பொருத்துதல், முடிவு என நான்கு படிகளில் எழுதப் பழக்குகிறார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து மாணவர்கள் இதை ‘ஐராக்’ என்பார்கள். நான்கு தலைப்பும் தாளில் இருந்துவிட்டால் விடை சரியாகிவிடாது. திருத்துபவர் எதைத் தேடுகிறார் என்பதற்கு முருகன் கதையே போதும்.

பலர் எழுதும் விடை இப்படி இருக்கும். எழுவினா: ஒப்பந்தம் ஏற்பட்டதா? விதி: லால்மன் சுக்லா எதிர் கௌரி தத், 1913. பொருத்துதல்: அந்த வழக்கைப் போலவே முருகனுக்கும் அறிவிப்பு தெரியாது. முடிவு: பரிசு இல்லை.

அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்த்த அந்த வழக்கு உண்மையில் இதுதான். கௌரி தத்தின் உடன்பிறந்தவரின் மகன் வீட்டைவிட்டு ஓடிப்போனான். தேடுவதற்காகக் கணக்குப்பிள்ளை லால்மன் ஹரித்வாருக்கு அனுப்பப்பட்டார். அவர் போன பிறகு, பையனைக் கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் என்று துண்டறிக்கை வெளியானது. அது தெரியாமலேயே லால்மன் பையனைக் கண்டுபிடித்தார். பின்னர் பரிசு கேட்டு வழக்குப் போட்டார், தோற்றார். காரணங்கள் இரண்டு: தெரியாத முன்மொழிவை ஒருவர் ஏற்க முடியாது, மேலும், தேடுவது ஏற்கெனவே அவர் கடமையாக இருந்தது.

மேலே கண்ட விடை சறுக்குவது எங்கே? முருகனுக்கு அறிவிப்பு தெரியாது என்பது பாதி உண்மைதான். நாயைப் பிடித்தபோது தெரியாது; ஒப்படைத்தபோது தெரியும். கேள்வியைத் தயாரித்தவர் வாசல் நோட்டீஸை அங்கே ஒட்டியதே இதற்காகத்தான். எழுவினாவைப் பொதுவாக எழுதியதால் அந்தத் தகவல் மாணவர் கண்ணில் படவே இல்லை. “நாயைப் பிடித்த பின், ஒப்படைக்கும் முன் அறிவிப்பை அறிந்தவரின் செயல் ஏற்பு ஆகுமா?” என்று கேட்டிருந்தால் விடை வேறு திசையில் போயிருக்கும்.

நல்ல விடை, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவை எடுக்கும்: முன்மொழிவின் நிபந்தனையை நிறைவேற்றுவதே ஏற்பு. கூடவே 4ஆம் பிரிவு: முன்மொழிவு உரியவரின் அறிவுக்கு வரும்போதுதான் அதைத் தெரிவித்தல் முழுமையடைகிறது. விதிக்கு இவ்வளவு போதும். ஒப்பந்தச் சட்டத்தின் வரலாற்றை இரண்டு பக்கம் எழுதினாலும் மதிப்பெண் ஏறாது.

விடையின் உயிர் பொருத்துதலில் இருக்கிறது. செல்வியின் நிபந்தனையில் இரண்டு செயல்கள் உள்ளன: கண்டுபிடிப்பது, ஒப்படைப்பது. இரண்டும் முடிந்தால்தான் நிபந்தனை நிறைவேறும். முருகன் நோட்டீஸைப் படித்தபோது இரண்டாவது செயல் மிச்சம் இருந்தது; எனவே நிறைவேற்றம் முழுமையாகும் முன்பே அவர் அறிந்துவிட்டார். கடமையைப் பொறுத்தும் வித்தியாசம் உண்டு: லால்மனைத் தேடச் சொல்லி அனுப்பினார்கள், முருகன் செல்வியிடம் வேலை பார்ப்பவரே அல்ல.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நல்ல மாணவர் விடமாட்டார். முக்கியமான வேலையான கண்டுபிடித்தல் அறியாமலே முடிந்துவிட்டது, நோட்டீஸ் இல்லாவிட்டாலும் முருகன் நாயை ஒப்படைத்திருப்பார் என்று செல்வி வாதிடலாம். இங்கிலாந்தின் வில்லியம்ஸ் எதிர் கார்வர்டைன் வழக்கு, 1833, இதற்குப் பயன்படும்: நிபந்தனையை நிறைவேற்றியவரின் உள்நோக்கம் என்ன என்பது பொருட்டல்ல என்று அங்கே முடிவானது. ஆனால் அது உள்நோக்கம் பற்றிய வாதத்துக்கு மட்டுமே பதில். பாதி வேலை அறியாமலே முடிந்தது என்ற வாதம் அப்படியே நிற்கிறது. அதை மறைக்காமல் எழுதும் விடைக்குக் கூடுதல் மதிப்பெண் நியாயம்.

பொருத்துதலைச் சோதிக்க எளிய வழி உண்டு. அந்தப் பத்தியை அப்படியே எடுத்து வேறொரு பரிசுக் கேள்வியின் விடையில் ஒட்டிப் பார்க்கலாம். அங்கேயும் பொருந்தினால், மாணவர் விதியைத்தான் மறுபடி எழுதியிருக்கிறார். ‘வாசல் நோட்டீஸ்’, ‘ஒப்படைக்கும் முன்’ போன்ற இந்தக் கதையின் தகவல்கள் காரணத்தோடு சேர்ந்து வர வேண்டும்.

முடிவுக்கு ஒரு வரி போதும். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும்: முருகன் 10,000 ரூபாய் கோர வலுவான வாதம் உண்டு. வேறொருவர் இரு வாதங்களையும் எடைபோட்டு, பரிசு இல்லை என்று முடித்திருந்தாலும் அது நல்ல விடைதான். வாசல் நோட்டீஸைக் கவனிக்காமல் லால்மன் பெயரை மட்டும் சொல்லி அதே முடிவுக்கு வந்த முதல் விடைக்குப் பாதி மதிப்பெண்ணே அதிகம்.